கை மடிப்பில் கரப்பான்: ஆயின்மென்டை எப்போது நிறுத்துவது?

திருச்சி அம்மா: பொண்ணுக்கு மூன்று வயது. முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் கரப்பான். டாக்டர் எழுதிக் கொடுத்த ஸ்டீராய்டு ஆயின்மென்டைப் போட்டால் இரண்டே நாளில் அரிப்பு நிற்கிறது, நாங்களும் நிறுத்திவிடுகிறோம். அடுத்த வாரமே பழையபடி ராத்திரியெல்லாம் சொறிகிறாள், விரிப்பில் ரத்தப் பொட்டு. மாய்ஸ்சரைசரும் தினமும் உண்டு. உங்கள் வீட்டில் எப்படி?

கவின் அப்பா: எங்களுக்குச் செக்குத் தேங்காய் எண்ணெய்தான். ஸ்டீராய்டு போட்டால் தோல் மெலிந்துவிடும், அதைத் தொடுவதே இல்லை. கத்தரிக்காய், கருவாடும் நிறுத்தியாச்சு.

பழைய வார்டு நர்ஸ்: என் பையனுக்கும் இதே இடங்களில்தான் வந்தது. மாய்ஸ்சரைசர் தினமும் போடுவது சரி, எவ்வளவு தீர்கிறது? உடம்பு முழுக்க வறட்சி உள்ள குழந்தைக்கு வாரம் 250 கிராம்கூடச் செலவாகும். 100 கிராம் டியூப் ஒரு மாதம் வந்தால் பூசியது போதவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடத்துக்குள் குளிப்பாட்டி, துண்டால் தேய்க்காமல் ஒற்றி, ஈரம் காய்வதற்குள் பூசிவிடுங்கள்.

அரிப்பு முதலில் அடங்கும், தோல் அடங்க நாளாகும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்போ தடிப்போ தட்டுப்பட்டால் இன்னும் ஆறவில்லை. வழவழப்பான பிறகும் இரண்டு நாள் போடச் சொன்னார் எங்கள் டாக்டர். அளவுக்கு, பெரியவர் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் ரேகை வரை பிதுக்கினால் நம் இரண்டு உள்ளங்கை அகலத் தோலுக்குக் காணும். மாய்ஸ்சரைசருக்கும் இதற்கும் அரை மணி இடைவெளி விடுங்கள்.

கவின் அப்பா, வீரியமானதை முகத்திலோ மாதக்கணக்கிலோ போட்டால் தோல் மெலியும், அது நிஜம். டாக்டர் சொன்ன வீரியத்தில் சில நாள் போடுவது வேறு. எண்ணெய் வறட்சிக்கு உதவும், கிளம்பிய கரப்பானை அடக்காது.

சேலம் அக்கா: என் வீட்டுக்காரருக்குத் தொடையில் வட்டமாக அரிப்பு. மெடிக்கலில் கொடுத்த க்ரீமில் குறைந்தது, மறுபடி பரவுகிறது. பாப்பாவுக்கும் அதையே போடலாமா?

பழைய வார்டு நர்ஸ்: வேண்டாங்க. அது படர்தாமரையாக இருக்கலாம். கேட்டதும் எடுத்துத் தரும் க்ரீம்கள் பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு கலந்திருக்கும். அவரையும் டாக்டரிடம் காட்டுங்கள்.

திருச்சி அம்மா: ஆறின இடம் வெளுத்திருக்கிறதே, மருந்தாலா?

பழைய வார்டு நர்ஸ்: பெரும்பாலும் கரப்பான் விட்டுப்போன தடம்தான். நிறம் திரும்ப மாதங்கள் ஆகும். மஞ்சள் பொருக்கோ நீர்க்கசிவோ வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். காய்ச்சலோடு கொத்தாக, வலிக்கும் கொப்புளங்கள் கிளம்பினால் அன்றைக்கே ஓடுங்கள்.

கவின் அப்பா: இருந்தாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை. கத்தரிக்காய் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லலையே?

பழைய வார்டு நர்ஸ்: சாப்பிட்டதும் தடிப்பு கிளம்பியதா? அதைச் சொல்லுங்கள் முதலில்.