புதுப்பிப்பு: மன்னார்குடி டு தஞ்சாவூர் ஐயுஐ சாம்பிள்

நான் கேட்டிருந்தது: "வீட்ல எடுத்த விந்து சாம்பிள் பஸ்ல தஞ்சாவூர் போறதுக்குள்ள வீணாயிடுமா? ஐயுஐ, அதாவது விந்தணுவ கர்ப்பப்பைக்குள்ள விடுறது, எப்போ பண்ணுவாங்க?"

எல்லாருக்கும் தேங்க்ஸ். லேப்ல வேலை பாக்குற அண்ணன் சொன்னதுதான் சரி, ஒரு மணி நேரத்துக்குள்ள லேபுக்கு போகணும், பஸ்ஸ நம்ப முடியாதுன்னு அங்கயே கொடுத்தோம். சாம்பிளுக்கு முன்னாடி பத்து நாள் சேராம இருங்கன்னு சொன்ன தம்பி, அணு எண்ணிக்கை கூடுமாம் ஆனா ஓட்டம் குறையுமாம், ரெண்டுலேர்ந்து அஞ்சு நாள் போதும்னாங்க. ஐவிஎஃப் கதை சொன்ன அக்கா, நாங்க இன்னும் அங்க போகல.

முட்டைப்பை 19 மில்லிமீட்டர் ஆனதும் ஞாயிறு ராத்திரி 9 மணிக்கு முட்டை வெளிய வர்றதுக்கான ஊசி, செவ்வாய் காலைல 9க்கு ஐயுஐ, சரியா 36 மணி நேரம். அரை மணி நேரம் இளக விட்டு, ஒரு திரவத்து மேல ஊத்தி மெஷின்ல சுத்தினா நல்லா ஓடுறது மட்டும் அடியில தங்குமாம், அதை அரை மில்லில கலந்து உள்ள விடுறாங்க. ஓடுற அணு 4 கோடி, வாஷ் பண்ணதும் 1.2 கோடி, பயந்துட்டோம், ஆனா குறையிறது சகஜமாம்.

எதிர்பாக்காதது இதான்: எட்டாவது நாள் வீட்ல டெஸ்ட் பண்ணேன், ரெண்டு கோடு! அத்தை கோயிலுக்கே கிளம்பிட்டாங்க. அந்த ஊசில இருக்குறதும் இந்த டெஸ்ட் பாக்குற அதே ஹார்மோன்தானாம், அது உடம்புல மிச்சம் இருந்ததால வந்த கோடு. 15வது நாள் ரத்த டெஸ்ட்ல இல்லன்னு வந்துருச்சு. ஒரு தடவைக்கு நூத்துல 10, 15 பேருக்குத்தான் நிக்கும்னு டாக்டர் முன்னாடியே சொல்லிருந்தாங்க. அடுத்த மாசம் மறுபடி போறோம்.