பாலத்திலிருந்து தள்ளுவேன் என்பவர் உண்மையிலேயே விளைவுவாதியா?

உப்புவெளி மாணவி:
வகுப்பில், கட்டுப்பாடிழந்த வண்டி ஒன்று பாதையில் நிற்கும் ஐந்து பேரை நோக்கி ஓடிவருகிறது என்று தொடங்கும் ட்ரொலிக் கேள்விகள் இரண்டைத் தந்து கை உயர்த்தச் சொன்னார்கள். சுவிட்சைத் திருப்பி வண்டியை வேறு பாதைக்கு விட்டு, அங்கே நிற்கும் ஒருவர் சாக ஐந்து பேரைக் காப்பாற்றலாம் என்று அநேகமாக எல்லோரும் உயர்த்தினோம், பாலத்தில் நிற்கும் பெரிய உடம்புக்காரரைத் தள்ளி, அவர் உடம்பால் வண்டியை நிறுத்தி அதே ஐந்து பேரைக் காப்பாற்றலாம் என்று சிலர்தான் உயர்த்தினார்கள். தள்ளுவேன் என்றவர்கள் விளைவை வைத்தே சரி பிழை பார்க்கும் விளைவுவாதிகள், மாட்டேன் என்றவர்கள் விளைவு எதுவானாலும் சிலவற்றைச் செய்யவே கூடாது என்னும் கடமைவாதிகள் என்று பிரித்துவிட்டார்கள். ஏன் எல்லோரும் இந்த ட்ரொலியையே பிடித்துக்கொள்கிறார்கள்? ஒரு கை உயர்த்தலில் ஒருவரின் அறநோக்கு தெரிந்துவிடுமா?

சாம்பல்தீவான்:
தெரியும் என்றுதான் சொல்வேன், ஏன் என்றும் சொல்கிறேன். 1967இல் தத்துவவாதி பிலிப்பா ஃபுட் கருக்கலைப்பு பற்றி எழுதிய கட்டுரையில்தான் இந்த ட்ராம் முதலில் வந்தது. கட்டுப்பாடிழந்த ட்ராமின் சாரதி ஐந்து பேர் நிற்கும் பாதையை விட்டு ஒருவர் நிற்கும் பாதைக்குத் திருப்பலாமா? அதற்குப் பக்கத்திலேயே அவர் இன்னொரு கதையை வைத்தார். கலகக்காரர்கள் ஐந்து பேரைப் பிணையாகப் பிடித்து வைத்திருக்கிறார்கள், அவர்களை விடுவிக்க ஒரு நீதிபதி நிரபராதி ஒருவரைக் குற்றவாளி ஆக்கித் தண்டிக்கலாமா? இரண்டிலும் கணக்கு ஒன்றுதான், ஒன்றுக்கு ஐந்து. ஆனால் முதலாவதை ஏற்கிறோம், இரண்டாவதைக் கேட்டால் மனம் ஒப்பவில்லை. விளைவு மட்டும்தான் முக்கியம் என்றால் இந்த வித்தியாசம் வரவே கூடாது, அல்லவா? எண்ணிக்கையை அசைக்காமல் வைத்துக்கொண்டு மற்றதை மாற்றிப் பார்க்க முடிகிறது என்பதுதான் இந்த முறையின் பலம். 1976இல் இன்னொரு தத்துவவாதி ஜூடித் ஜார்விஸ் தாம்சன் பாலத்து மனிதரைக் கொண்டுவந்து அதை இன்னும் கூர்மையாக்கினார். 2001இல் உளவியல் ஆய்வாளர் ஜோஷுவா கிரீன் குழுவினர் இப்படிப்பட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்பவர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்து, தள்ளுவது போன்ற கேள்விகளில் உணர்ச்சியோடு சேர்ந்த பகுதிகள் கூடுதலாக வேலை செய்வதைக் கண்டார்கள். அந்த உணர்ச்சியைத் தாண்டி ஐந்து பெரிது என்று சொல்பவர் விளைவுவாதி. வகுப்பில் பிரித்தது சரிதான்.

சீனக்குடா:
நான் ரயில்வேயில் வேலை செய்தவன், இந்தக் கேள்வியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. கல்ஓயா சந்தியில் எங்கள் திருகோணமலைப் பாதையும் மட்டக்களப்புப் பாதையும் பிரிகிற மாதிரி ஒரு இடத்தில் வழியால் போகிறவர் வந்து தண்டவாளத்தைப் பாதை மாற்றும் பாயின்ட்ஸைத் திருப்ப விடுவார்களா? பூட்டு இருக்கும், சிக்னலோடு பிணைத்திருக்கும். வண்டி மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது திருப்பினால் முன்பெட்டி ஒரு பக்கம், பின்பெட்டி மறுபக்கம் என்று இழுபட்டு எல்லாம் தடம் புரளும். பாலத்துக் கதை அதைவிட மோசம். ஹபரணைப் பக்கம் யானையில் மோதிய வண்டியே அந்த இடத்தில் நிற்பதில்லை, ஒரு மனிதர் விழுந்தா நிற்கப்போகிறது? நடக்காத ஒன்றைக் கேட்டு வரும் பதிலை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள் தம்பி?

சாம்பல்தீவான்:
ஐயா, நிற்கும் என்பது கேள்வியிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. அதை ஒத்துக்கொண்டுதான் பதில் சொல்ல வேண்டும். உண்மை வாழ்க்கையில் நூறு விஷயம் கலந்திருக்கும், அதையெல்லாம் கழற்றிவிடத்தானே இப்படி ஒரு கதை.

கோட்டை வீதி:
ஐயா சொன்னதை இவ்வளவு லேசாகத் தள்ளிவிட முடியாது. "ஒத்துக்கொள்" என்று தாளில் எழுதிவிடலாம், வாசிப்பவரின் மனம் ஒத்துக்கொண்டதா என்பது வேறு. சுவிட்ச் திரும்பினால் வண்டி திரும்பும் என்பதை எல்லோரும் நம்புவார்கள், உடம்பு வண்டியை நிறுத்தும் என்பதை யாரும் முழுதாக நம்பமாட்டார்கள். அப்போது இரண்டு கேள்விகளுக்கும் இடையில் மாறியது ஒன்று அல்ல. ஒருவரைக் கருவியாகப் பயன்படுத்துவதும் மாறியது, வெற்றி பெறும் வாய்ப்பும் மாறியது, கையால் தொட்டுத் தள்ளுவதும் மாறியது. எதனால் "மாட்டேன்" வந்தது என்று எப்படிச் சொல்வீர்கள்?

கிரீன் குழுவினரே 2009இல் இதைப் பிரித்துப் பார்த்தார்கள். பாலத்து மனிதரைக் கையால் தள்ளலாமா என்று கேட்டால் ஏறத்தாழ மூன்றில் ஒருவர்தான் சரி என்றார். அதே மனிதர் ஒரு கதவுப்பலகை மேல் நிற்கிறார், தூரத்திலிருந்து சுவிட்சை அமுக்கினால் பலகை திறந்து அவர் பாதையில் விழுவார் என்று கேட்டபோது பத்துக்கு ஆறு பேர் அளவில் சரி என்றார்கள். இரண்டிலும் அவர் உடம்புதான் வண்டியை நிறுத்துகிறது, அதாவது அவரைக் கருவியாக்குவது அப்படியே இருக்கிறது. கடமைவாதிக்கு இரண்டும் ஒரே பிழை, விளைவுவாதிக்கு இரண்டும் ஒரே கணக்கு. ஆனால் பதில் மாறுகிறது. அப்படியென்றால் நாம் அளந்ததில் ஒரு பெரிய பங்கு எந்தக் கோட்பாட்டுக்கும் சொந்தமில்லாத ஒன்று.

நிலாவெளி அக்கா:
நான் தத்துவம் படித்தவள் இல்லை, தாதியாக இருந்தேன். சுனாமி அன்று ஒரே நேரத்தில் அத்தனை பேரைக் கொண்டுவந்தபோது ஒருவரை விட்டுவிட்டு வேறு இரண்டு பேரிடம் ஓடியிருக்கிறேன். விட்டவருக்கு நம்பிக்கை குறைவு என்று எனக்குத் தெரியும். அதுவும் ட்ரொலிதானே பிள்ளைகள்? அப்போது நான் எந்தக் கட்சி? ஆனால் பாலத்தில் நிற்கிற ஒருவரைத் தள்ளச் சொன்னால் செத்தாலும் மாட்டேன்.

சாம்பல்தீவான்:
அக்கா, நீங்கள் செய்தது தள்ளுவதோடு சேராது. ஃபுட்டின் அதே கட்டுரையில் உங்கள் நிலைமை இருக்கிறது. கொஞ்ச மருந்துதான் உண்டு, ஒருவருக்கு முழுவதும் வேண்டும், வேறு ஐந்து பேருக்கு ஐந்தில் ஒரு பங்கு போதும். ஐந்து பேருக்குக் கொடுப்பது சரி என்கிறார். ஆனால் ஒருவரைக் கொன்று அவர் உடம்பிலிருந்து மருந்து எடுத்து ஐந்து பேரைக் காப்பாற்றுவது கூடாது என்கிறார். நீங்கள் உதவியைப் பகிர்ந்தீர்கள், யாரையும் கொல்லவில்லை. இதைப் பிரித்துக் காட்டத்தான் இந்த மாதிரிக் கதைகள் தேவைப்படுகின்றன.

கோட்டை வீதி:
அது சரி, ஆனால் அக்காவை உங்கள் வகுப்புக் கணக்கில் எங்கே வைப்பீர்கள்? பாலத்தில் தள்ளமாட்டேன் என்றதால் கடமைவாதி. ஆனால் யார் எவர் என்று பார்க்காமல் அதிகம் பேர் பிழைக்கட்டும் என்று ஓடியது அவர்தான். விளைவுவாதத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது, எல்லோருடைய நன்மையையும் ஒரே தராசில் வைப்பதில். தீங்கு செய்யத் தயங்காமல் இருப்பது அதன் ஒரு கிளைதான், ட்ரொலி அந்தக் கிளையை மட்டும்தான் தொடுகிறது.

இது வெறும் வாதம் இல்லை. 2011இல் பார்டெல்ஸ், பிசாரோ இருவரும் இப்படிப்பட்ட கேள்விகளில் ஒருவரைப் பலி கொடுக்கலாம் என்று அதிகம் சொன்னவர்களைப் பார்த்தபோது, இரக்கமின்மையைக் காட்டும் ஆளுமைக் குணங்களில் அவர்கள் கூடுதலாக நின்றார்கள். 2015இல் கஹானே குழுவினர் பார்த்ததும் கிட்டத்தட்ட அதுதான். பலி கொடுக்கலாம் என்பவர்களிடம் தூரத்து மனிதர்களுக்காகத் தன் பணத்தையோ வசதியையோ விட்டுக்கொடுக்கும் மனம் கூடுதலாக இருக்கவில்லை. ஆகவே "தள்ளுவேன்" என்று வரும் பதிலில் ஐந்து உயிர்கள் மீதான அக்கறையும் இருக்கலாம், ஒரு உயிர் போவது உறுத்தாததும் இருக்கலாம். பதில் தாளில் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும்.

உப்புவெளி மாணவி:
அப்போது அந்த இரண்டையும் பிரிக்க வழியே இல்லையா?

கோட்டை வீதி:
இருக்கிறது தங்கச்சி. 2013இல் கான்வே, கவ்ரோன்ஸ்கி இருவரும் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு ஜோடி எழுதினார்கள். வழமையான கேள்வியில் தீங்கு செய்தால் அதிக நன்மை வரும், உதாரணமாக, ஆட்களைக் கொல்லப்போகும் குண்டு எங்கே என்று அறிய ஒருவரைச் சித்திரவதை செய்வது. ஜோடிக் கேள்வியில் அதே சித்திரவதை, ஆனால் குண்டு வெடித்தால் பெயின்ட்தான் சிதறும். இங்கே விளைவைப் பார்த்தாலும் கூடாது, கடமையைப் பார்த்தாலும் கூடாது. ஆகவே இங்கேயும் "செய்யலாம்" என்பவர் எதையும் கூட்டிக் கழித்துப் பார்க்கவில்லை.

இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம், எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. பத்து வழமைக் கேள்விகளில் இருவரும் 5 தடவை "கூடாது" என்கிறார்கள். கை உயர்த்தச் சொன்னால் இருவரும் ஒன்றுதான். பத்து ஜோடிக் கேள்விகளில் முதலாமவர் 9 தடவை "கூடாது" என்கிறார், இரண்டாமவர் 5 தடவைதான். விளைவைப் பார்க்கும் அளவு என்பது இந்த இரண்டு விகிதங்களின் வித்தியாசம். முதலாமவருக்கு 0.9இலிருந்து 0.5ஐக் கழித்தால் 0.4, இரண்டாமவருக்கு 0. தீங்கு செய்யத் தயங்கும் அளவுக்கு, வழமைக் கேள்வியின் 0.5ஐ, ஒன்றிலிருந்து முதல் அளவைக் கழித்து வருவதால் வகுக்க வேண்டும். முதலாமவருக்கு 0.5ஐ 0.6ஆல் வகுத்தால் 0.83 வரும், இரண்டாமவருக்கு 0.5. பாருங்கள், முதலாமவர் இரண்டு அளவிலும் கூடியவர். விளைவுவாதியா கடமைவாதியா என்று கேட்டதே அவருக்குப் பொருந்தாத கேள்வி.

இதற்கும் ஒரு எல்லை உண்டு. விளைவு தீர்மானிக்காத இடத்தில் மட்டும் தயக்கம் வந்து தீர்மானிக்கும் என்று அந்தக் கணக்கு எடுத்துக்கொள்கிறது, மனம் அந்த வரிசையில்தான் வேலை செய்கிறது என்று யாரும் காட்டிவிடவில்லை.

இன்னொன்று, இந்தக் கேள்வித் தொகுதிகளில் ஒளிந்திருக்கும் ஆட்களைக் காப்பாற்ற அழும் குழந்தையின் வாயைப் பொத்திக் கொல்லும் கதை ஒன்றும் வரும். அதை எங்கள் ஊர் வகுப்பில் கேட்காதீர்கள். பதுங்கு குழிக்குள் இருந்த குடும்பங்களின் பிள்ளைகள் முன்வரிசையிலேயே இருப்பார்கள், அவர்களுக்கு அது கற்பனைக் கதை அல்ல.

சீனக்குடா:
அந்தக் கடைசி விஷயத்துக்கு என் முழு ஆதரவு. ஆனால் பெயின்ட் குண்டையும் யாரும் பார்த்ததில்லையே. கதை எத்தனை ஜோடி எழுதினாலும் கதைதான். அன்று அக்கா செய்தது போல ஒன்றைப் பக்கத்தில் நின்று பார்த்திருந்தால் நான் நம்புவேன்.

சாம்பல்தீவான்:
நீங்கள் எல்லோரும் இதை ஆட்களை அளக்கும் கருவியாகவே பார்க்கிறீர்கள். ஃபுட்டும் தாம்சனும் வாக்கெடுப்பு நடத்தவில்லை, கொள்கைகளைச் சோதித்தார்கள். 2008இல் தாம்சன் சுவிட்சைத் திருப்பும் வழிப்போக்கர் பற்றியே தன் முந்தைய நிலைப்பாட்டைக் கைவிட்டார். ஐந்து பேருக்காகத் தன்னைப் பலி கொடுக்கும் கடமை ஒருவருக்கு இல்லை என்றால், சம்மதம் கேட்காமல் இன்னொருவரைக் கொடுக்க அவருக்கு என்ன உரிமை என்று கேட்டார். இத்தனை வருடம் எல்லோரும் சரி என்ற ஒன்றை ஒரு வாதம் அசைக்கிறது. வகுப்பில் எத்தனை கை உயர்ந்தது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

கோட்டை வீதி:
அந்த வாதமும் "இது சரி, இது பிழை" என்று படும் உள்ளுணர்வில்தானே கால் வைக்கிறது. 2012இல் ஷ்விட்ஸ்கெபலும் குஷ்மனும் தத்துவம் கற்பித்தவர்களிடமே கேட்டார்கள். தள்ளும் கேள்வியை முதலில் வாசித்தவர்கள் சுவிட்ச் கேள்வியில் கடுமையானார்கள், முறையாகப் படித்ததால் அந்தச் சாய்வு குறையவில்லை. தங்கச்சி, முடிந்தால் அடுத்த வகுப்பில் அரைவாசிப் பேருக்குப் பாலத்தை முதலில் கொடுங்கள், மற்றவர்களுக்குச் சுவிட்சை முதலில். தாளில் எழுதி வாங்குங்கள், கை உயர்த்தினால் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துத்தான் உயர்த்துவார்கள்.

உப்புவெளி மாணவி:
சரி, எழுதித்தான் வாங்கப் போகிறேன். அக்காவின் மருந்துக் கேள்வியையும் மூன்றாவதாகச் சேர்க்கிறேன், தள்ளமாட்டேன் என்றவர்கள் அதில் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

சாம்பல்தீவான்:
மருந்துக் கேள்வியில் எல்லோரும் ஐந்து பேருக்கே கொடுப்பார்கள், அப்போதும் என் கேள்வி அப்படியே நிற்கும்: கொடுக்காமல் விடுவதற்கும் கொல்வதற்கும் என்ன வித்தியாசம்? அதை உங்கள் தாள் சொல்லாது.