முளைகட்டிய பயறு: பச்சையாகச் சாப்பிடலாமா, ஆவியில் வேகவைக்க வேண்டுமா?

கோமதி, பூன் லே:
என் மகள் ஐந்து மாதக் கர்ப்பிணி. அவளுடைய மாமியார் தினமும் காலையில் முளைகட்டிய பாசிப்பயற்றைப் பச்சையாகவே கொடுக்கிறார். வீட்டிலேயே முளைகட்டியதுதான். இது பாதுகாப்பானதா?

செல்வம், ஈசூன்:
தாராளமாகக் கொடுக்கலாம். எங்கள் வீட்டில் பல ஆண்டுகளாக முளைப்பயற்றை எலுமிச்சைச் சாறு பிழிந்து பச்சையாகத்தான் சாப்பிடுகிறோம். இதுவரை ஒருவருக்கும் வயிற்றைக் கெடுத்ததில்லை. முளைக்கும்போது உண்டாகும் வைட்டமின் சி சூட்டில் அழிந்துவிடும் என்பதால், வேகவைத்தால் முளைகட்டியதன் பயனில் பாதி போய்விடுகிறது. வெளிநாடுகளில் முளையால் நோய் பரவியதாக வரும் செய்திகள் எல்லாம் தொழிற்சாலைகளிலும் பண்ணைகளிலும் நடந்தவை. நம் சமையலறையில், குடிநீரில் மூன்று முறை அலசி, சுத்தமான துணியில் கட்டி வைப்பதற்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

நசீமா, தெம்பனிஸ்:
உணவு நுண்ணுயிர்ப் பரிசோதனைக் கூடத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். செல்வம் அண்ணன் சொல்லும் வைட்டமின் கணக்கு ஓரளவு சரிதான். ஆனால் கிருமி சமையலறையில்தான் வந்து சேருகிறது என்ற எண்ணம் சரியில்லை. பெரும்பாலும் அது காய்ந்த பயற்றோடேயே வருகிறது. வயலில் எருவிலிருந்தோ பாசன நீரிலிருந்தோ ஒட்டிய சால்மொனெல்லா, காய்ந்த விதையின் தோலில் உள்ள நுண்ணிய வெடிப்புகளுக்குள் மாதக்கணக்கில், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கிலும், உயிரோடு இருக்கும். அந்த இடத்துக்கு அலசும் தண்ணீர் போய்ச் சேராது.

ஒரு கிராம் பயற்றில் ஒன்றிரண்டு கிருமிகள் இருந்தால், அதைச் சமைத்து உண்பவருக்கு எந்தக் கெடுதலும் இல்லை. முளைகட்டும்போது நிலைமை மாறிவிடுகிறது. பயற்றை ஊறவைத்து, ஈரத் துணியில் கட்டி, நம் ஊரின் முப்பது டிகிரிச் சூட்டில் இரண்டு நாள் வைக்கிறோம். பால் உறைவதற்கு ஏற்ற அந்த வெதுவெதுப்பில், முளைக்கும் விதையிலிருந்து கசியும் சர்க்கரையையும் புரதத்தையும் உண்டு, அந்த ஒன்றிரண்டு கிருமிகள் இரண்டு நாளில் கிராமுக்கு ஒரு மில்லியனையும் தாண்டிவிடக்கூடும். அப்போதும் முளை வெள்ளையாக, மொறுமொறுப்பாக, நல்ல வாசனையோடுதான் இருக்கும். கெட்ட வாடையும் வழவழப்பும் வந்தால் தூக்கி எறிந்துவிடுகிறோம். ஆனால் அவற்றை உண்டாக்குபவை பெரும்பாலும் வேறு வகைக் கிருமிகள். நோய் தரும் கிருமியை மூக்காலோ கண்ணாலோ கண்டுபிடிக்க முடியாது.

செல்வம், ஈசூன்:
அப்படியானால் வீட்டில் முளைகட்டியதால் நோய் வந்ததற்கு ஓர் எடுத்துக்காட்டு காட்டுங்கள். உப்பு, மஞ்சள், வினிகர் கலந்த நீரில் ஊறவைத்தால் கிருமி செத்துவிடாதா?

நசீமா, தெம்பனிஸ்:
2011-இல் ஜெர்மனியில் இ. கோலை கிருமியால் ஏறத்தாழ 4,000 பேர் நோயுற்று, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தது பலருக்கு நினைவிருக்கும். அது ஒரு பண்ணையில் வளர்த்த முளையிலிருந்து பரவியது. அதே ஆண்டு ஜூன் மாதம், பிரான்சில் போர்தோவுக்கு அருகிலுள்ள பெக்லெ என்ற ஊரில், சிறுவர்களுக்கான ஒரு நிகழ்ச்சியில் முளை தூவிய உணவு சாப்பிட்டவர்களுக்கும் அதே வகைக் கிருமி வந்தது. அந்த முளைகளை எந்தப் பண்ணையும் வளர்க்கவில்லை. நிகழ்ச்சியை நடத்தியவரே கடையில் விதை வாங்கிச் சிறிய அளவில் முளைக்க வைத்தார். எகிப்திலிருந்து வந்த வெந்தயமே இரண்டுக்கும் பொதுவானது என்ற முடிவுக்கு ஐரோப்பிய ஆய்வாளர்கள் வந்தார்கள்.

மஞ்சளும் வினிகரும் இதற்குப் போதாது. அமெரிக்காவில் வணிக முறையில் முளை வளர்ப்பவர்களுக்கு, இரண்டு விழுக்காடு கால்சியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் விதையை நனைக்கப் பரிந்துரைத்தார்கள். வீட்டில் கையாளக் கூடாத அளவுக்குக் கடுமையான அந்தக் கரைசலாலும் கிருமியை முழுவதும் ஒழிக்க முடியவில்லை.

ராஜலட்சுமி, அங் மோ கியோ:
கோயில்களில் பானகம், நீர்மோரோடு கோசுமல்லியும் கொடுக்கிறார்களே! அது ஊறிய பாசிப்பருப்புதான், அடுப்பில் ஏற்றுவதே இல்லை. அதைக் காலம் காலமாகக் கர்ப்பிணிகளும் சாப்பிட்டுத்தானே வருகிறார்கள்?

நசீமா, தெம்பனிஸ்:
அம்மா, கோசுமல்லிக்குத் தோல் நீக்கிய உடைத்த பருப்பை ஒரு மணி நேரம் போல ஊறவைத்து உடனே பரிமாறுகிறோம். அதில் கிருமி பெருக நேரமில்லை. முளைக்கு இரண்டு நாள் கொடுக்கிறோம் என்பதுதான் வேறுபாடு. அதற்காக, கோசுமல்லியைக் காலையில் கலந்து மாலை வரை வெளியே வைத்திருப்பதையும் நான் ஏற்கமாட்டேன்.

பாலா, உட்லண்ட்ஸ்:
நசீமா அக்கா சொல்வதை நான் அனுபவித்தவன். ஒரு கடையில் ‘கலவைப் பயறு’ என்று பொட்டலமாக வாங்கி முளைகட்டி, ஒரு கிண்ணம் பச்சையாகச் சாப்பிட்டேன். இரண்டு மணி நேரத்தில் வாந்தி தொடங்கியது, தொடர்ந்து வயிற்றுப்போக்கு. காய்ச்சல் இல்லை. அன்று இரவே சரியாகிவிட்டது. பொட்டலத்தில் பாசிப்பயறு, கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, ராஜ்மா எல்லாம் இருந்தன. சால்மொனெல்லாதான் என்று நினைக்கிறேன்.

நசீமா, தெம்பனிஸ்:
தம்பி, நீங்கள் சொல்லும் நேரக் கணக்கை வைத்துப் பார்த்தால், ராஜ்மாவின் மேல்தான் எனக்குச் சந்தேகம். சால்மொனெல்லா பொதுவாக ஆறு மணி நேரத்திலிருந்து சில நாட்களுக்குள் வேலையைக் காட்டும். பெரும்பாலும் காய்ச்சலும் சேர்ந்து வரும், நாட்கணக்கில் இழுக்கும். ராஜ்மாவில் இயற்கையாகவே உள்ள லெக்டின் என்ற புரதம், வேகாத நான்கைந்து பயற்றிலிருந்தேகூட, ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் கடுமையான வாந்தியை உண்டாக்கும். சில மணி நேரத்தில் தானாகவே அடங்கிவிடும். உங்களைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது என்றாலும், உங்கள் விவரம் இதோடு பொருந்துகிறது.

முளைகட்டுவதால் அந்த லெக்டின் ஓரளவு குறையலாமே தவிர, பச்சையாகத் தின்னும் அளவுக்குக் குறைவதில்லை. ராஜ்மாவைக் குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதிய தண்ணீரில் தளதளவெனக் கொதிக்கும் நிலையில் பத்து நிமிடமாவது வேகவைக்க வேண்டும். அரை மணி நேரம் என்றால் இன்னும் நல்லது. கொதிநிலையை எட்டாத மெதுவான மின்பானையில் ஊறிய ராஜ்மாவை நேராகப் போடுவது மிகவும் கெடுதலானது. பாசிப்பயற்றில் இந்தச் சிக்கல் இல்லை. ஆகவே கலவைப் பொட்டலத்தைப் பச்சையாகச் சாப்பிடுவதை முற்றிலும் விட்டுவிடுங்கள்.

செல்வம், ஈசூன்:
ராஜ்மாவைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் பாசிப்பயற்றின் மேல் இன்னும் குற்றம் நிறுவப்படவில்லை. நீங்கள் காட்டியது வெந்தயம். உடல்நலத்தோடு இருக்கும் நான் ஏன் விட வேண்டும்?

நசீமா, தெம்பனிஸ்:
2014-இல் அமெரிக்காவில் சிகாகோவில் தயாரான பாசிப்பயற்று முளையோடு தொடர்புடைய லிஸ்டீரியா நோயில் ஐந்து பேர் பாதிக்கப்பட்டு, இருவர் இறந்தார்கள். லிஸ்டீரியா குளிர்பெட்டிக்குள்ளும் வளரக்கூடியது. கர்ப்பிணிக்கு லேசான காய்ச்சல் போலத் தோன்றி, கருவைக் கலைத்துவிடவும் கூடியது. அண்ணா, நலமான ஒருவர் ஒரு கிண்ணம் சாப்பிடுவதில் உள்ள ஆபத்து சிறியது என்பதை நான் மறுக்கவில்லை; அது உங்கள் விருப்பம். கர்ப்பிணி, சிறு குழந்தை, முதியவர், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர் ஆகியோருக்கு அந்த விருப்பத்தை மற்றவர் எடுக்கக் கூடாது.

செல்வம், ஈசூன்:
கர்ப்பிணி விஷயத்தில் வாதாடமாட்டேன். என் கிண்ணத்தை நான் தொடர்வேன்.

கோமதி, பூன் லே:
லக்சாவில் தவுகேயைக் கொதிநீரில் ஒரு முக்கு முக்கி எடுப்பார்களே, அது போதுமா? சம்பந்தியம்மாளின் மனம் நோகாமல் சொல்ல வேண்டும்.

நசீமா, தெம்பனிஸ்:
ஒரு முக்கில் சூடு நடுவரை போய்ச் சேர்ந்ததா என்பது முளையின் அளவையும் தண்ணீரின் அளவையும் பொறுத்தது. அதனால் கர்ப்பிணிக்கு அதை நம்பமாட்டேன். இட்லிப் பானையில் தண்ணீர் நன்றாகக் கொதித்து ஆவி வந்த பிறகு, முளையை மெல்லிய அடுக்காகப் பரப்பி ஐந்து நிமிடம் மூடி வையுங்கள். நடுவிலிருந்து ஒரு பயற்றை எடுத்துக் கிள்ளிப் பார்த்தால் உள்ளேயும் ஆவி பறக்கும் சூடு இருக்க வேண்டும். நீரில் அவிப்பதைவிட ஆவியில் வைட்டமின் குறைவாகவே போகும். இறக்கியபின் எலுமிச்சையும் தேங்காய்ப்பூவும் சேர்த்து உடனே சாப்பிடச் சொல்லுங்கள்; மீதத்தை மாலை வரை மேசையில் வைக்க வேண்டாம், ஏனென்றால் சூட்டைத் தாங்கும் வேறு கிருமிகளின் வித்துகள் பயற்றில் இருக்கக்கூடும். சம்பந்தியம்மாள் முளைகட்டும் வேலையை அப்படியே செய்யட்டும். அதில் மாற்ற வேண்டியது எதுவும் இல்லை.