‘ரெண்டும் கிருமிநீக்கம்தானே?’: நான்கு வினைகளுக்கு நான்கு சொற்கள் வேண்டும்

வெள்ளவத்தையிலிருந்து, தொடக்க மடல்

அனைவருக்கும் வணக்கம். கொழும்பில் தாதியப் பயிற்சி பெறும் முதலாம் ஆண்டு மாணவருக்குக் காயத்துக்கு மருந்து கட்டும் பாடத்தைத் தமிழில் எழுதிக் கொடுத்திருந்தேன். போன கிழமை பயிற்சிக் கூடத்தில் ஒரு பிள்ளை ரொலியின் மேல்தட்டை ஸ்பிரிட்டால் நன்றாகத் துடைத்தாள். பிறகு ட்ரெஸ்ஸிங் பொதியைப் பிரித்து, உள்ளிருந்த போசெப்சை எடுத்து, துடைத்த அந்தத் தட்டிலேயே வைத்தாள். ஆசிரியை தடுத்தபோது, “ரெண்டும் கிருமிநீக்கம் செய்ததுதானே மிஸ்?” என்று கேட்டாளாம்.

என் குறிப்பை எடுத்துப் பார்த்தேன். “ரொலியைக் கிருமிநீக்கம் செய்க. கிருமிநீக்கம் செய்த கருவிகளை எடுத்து வைக்க. கைகளைக் கிருமிநீக்கம் செய்க.” மூன்று இடத்திலும் ஒரே சொல். அவள் நான் எழுதியதைத்தான் செய்திருக்கிறாள். ஸ்டெரிலைசேஷன், டிசின்ஃபெக்ஷன், அன்டிசெப்சிஸ், அசெப்டிக் டெக்னிக் ஆகிய நான்குக்கும் ஒன்றோடொன்று குழம்பாத சொற்கள் வேண்டும். உதவுங்கள்.

மருந்தாக்கம் படிக்கும் ஒரு தம்பி

அக்கா, இது வீரியத்தைப் பொறுத்த விஷயம். தோலுக்குப் போடுவது மென்மையானது, தரைக்கும் தட்டுக்கும் போடுவது கடுமையானது, ஓட்டோகிளேவ் உச்சம். ஆகவே மென்கிருமிநீக்கம், வன்கிருமிநீக்கம், முழுக்கிருமிநீக்கம் என்று ஒரே சொல்லை மூன்று படியாக்கலாம். மாணவருக்கும் மனதில் நிற்கும்.

ஓய்வுபெற்ற தாதியப் போதனாசிரியர், கொட்டாஞ்சேனை

தம்பி சொன்னதில் பாதி சரி. தோல் தாங்குகிற மருந்தையே தோலில் போட முடியும் என்பது உண்மைதான். ஆனால் மூன்றையும் ஒரே ஏணியின் படிகளாக்கினால் அந்தப் பிள்ளை செய்த பிழை மறுபடி நடக்கும். “வன்மையாகத் துடைத்தேன், இது போதும்” என்பாள்.

ஸ்பிரிட்டையே எடுங்கள். 70 வீத அற்ககோல் பெரும்பாலான பற்றீரியாக்களைக் கொல்லும். அதைவிடச் செறிவை மிகவும் கூட்டினால் வேலை குறையும், ஏனென்றால் புரதத்தைச் சிதைக்க நீரும் வேண்டும். எவ்வளவு துடைத்தாலும், சில கிருமிகள் தடித்த உறைக்குள் உறங்கிக் கிடக்கும் வடிவமான வித்திகள் சாகா. ஏற்புவலிக் கிருமி வித்தியாகத்தான் மண்ணிலும் தூசியிலும் கிடக்கிறது. அந்த வித்தியும் மிஞ்சாமல் அழிப்பதே ஸ்டெரிலைசேஷன். ஓட்டோகிளேவில் 121 பாகை செல்சியஸ் நீராவி அழுத்தத்தோடு 15 நிமிடம் கருவியின் மேற்பரப்பைத் தொட வேண்டும். சுற்றிக் கட்டிய பொதியென்றால் நீராவி உள்ளே போய்ச் சேர இன்னும் நேரம் கொடுக்க வேண்டும்.

ஆக, ரொலித் தட்டில் கிருமி குறைந்திருந்தது, போசெப்சில் கிருமியே இல்லை. இரண்டும் தொட்ட நொடியில் போசெப்ஸ் தட்டின் நிலைக்கு இறங்கிவிட்டது. தட்டு போசெப்சின் நிலைக்கு ஒருபோதும் ஏறாது.

இன்னொன்று. 2 வீத குளூட்டரல்டிஹைட்டில் ஒரு கருவியை 20 நிமிடம் ஊறவிட்டால் அது டிசின்ஃபெக்ஷன். அதே திரவத்தில் 10 மணித்தியாலம் கிடந்தால் வித்தியும் போய்விடும். ஆகவே பெயரை மருந்தின் வீரியத்துக்கு வைக்காதீர்கள், முடிவில் என்ன மிஞ்சுகிறது என்பதற்கு வையுங்கள். ஸ்டெரிலைசேஷனுக்குக் கிருமியழிப்பு, டிசின்ஃபெக்ஷனுக்குத் தொற்றுநீக்கம் என்பேன். இரண்டும் நம்மிடம் ஏற்கெனவே புழங்கும் சொற்கள்.

அன்டிசெப்சிஸ் உயிருள்ள தோலிலும் இழையிலும் செய்வது. லிஸ்டர் 1860களில் காபோலிக் அமிலத்தைக் காயத்திலும் போட்டார், கருவியையும் அதிலேயே நனைத்தார். அன்று ஒரு சொல் போதும், இன்று போதாது. கையை எவ்வளவு தேய்த்தாலும் தோலின் ஆழத்தில் வாழும் கிருமிகள் மிஞ்சும். அதனால் கையைக் ‘கிருமியழித்தேன்’ என்று எழுதவே கூடாது. ‘புரையோடுதல்’ என்று சனங்கள் சொல்வதிலிருந்து புரைத்தடுப்பு என்று எடுக்கலாம்.

தெஹிவளையிலிருந்து

எனக்கும் ஒரு சந்தேகம். அம்மாவுக்குச் சீனி வருத்தம், காலில் புண். நான்தான் வீட்டில் கட்டுகிறேன். கத்தரிக்கோலை 20 நிமிடம் கொதிக்க வைக்கிறேன், புண்ணில் பெரொக்சைட் ஊற்றுகிறேன், நுரை வந்தால் கிருமி சாகுது என்று அர்த்தம்தானே? எந்த மருந்து நல்லது என்று சொன்னால் பாமசியில் வாங்கிவிடுவேன்.

போதனாசிரியர்

மகன், நாங்கள் இங்கே சொல் தேடுகிறோம், ஆனால் உங்கள் கேள்வியை விட்டுவிட மாட்டேன். கொதிநீர் 100 பாகைதான், வித்தி தப்பிவிடும். நீங்கள் செய்வது தொற்றுநீக்கம். பெரொக்சைட் இரத்தத்திலும் இழையிலும் பட்டாலே நுரைக்கும், அது கிருமிக்கு அடையாளமல்ல. புதிதாக வளரும் சிவந்த தசையையும் அது கெடுக்கும். அதை நிறுத்திவிட்டு, அம்மாவைக் கிளினிக்கில் காட்டுங்கள். பெரும்பாலும் சேலைனால் கழுவச் சொல்வார்கள்.

நான்காவது சொல்லுக்கு வருகிறேன். அசெப்டிக் டெக்னிக் எதையும் கொல்வதில்லை, ஏற்கெனவே கிருமியற்றதை அப்படியே காயம்வரை கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அந்தப் பிள்ளை செய்திருக்க வேண்டியதைப் பாருங்கள். ரொலியைத் துடைத்துக் காயவிடுகிறாள். கை சுத்தம் செய்து, பொதி ஈரமா, கிழிந்ததா, திகதி கடந்ததா என்று பார்க்கிறாள். ஓட்டோகிளேவ் நாடாவில் கோடு கறுத்திருப்பது, பொதி சூட்டில் இருந்தது என்பதை மட்டும் சொல்லும். பொதியைத் தட்டில் வைத்துத் தனக்கு அப்பாலுள்ள மடிப்பை முதலில் விரிக்கிறாள், தன் பக்கத்து மடிப்பைக் கடைசியில், அப்படியானால் கை அதன் மேலாகப் போகாது. விரிந்த துணியின் உட்புறம்தான் இப்போது போசெப்சுக்கு இடம். அதிலும் ஓரத்து 2.5 சென்ரிமீற்றரைக் கணக்கில் எடுக்கக் கூடாது. பழைய கட்டைச் சாதாரணக் கையுறையால் அகற்றி, கையுறையைக் கழற்றி, மறுபடி கை சுத்தம் செய்கிறாள். இந்த இரண்டாம் முறையைத்தான் மாணவர் அதிகம் மறக்கிறார்கள். பிறகே போசெப்சை எடுத்து, ஒவ்வொரு பஞ்சாலும் ஒரு தடவை மட்டும் காயத்தைத் துடைக்கிறாள்.

மட்டக்களப்பிலிருந்து, இப்போது பொரளையில்

இதற்குத் ‘தீண்டா நுட்பம்’ என்று வைத்தால் அழகாக இருக்குமே?

வெள்ளவத்தை

வேண்டாம் தம்பி. அந்த வேர்ச்சொல் நம் மண்ணில் மனிதரை விலக்கி வைக்கப் பயன்பட்டது. நோயாளியின் கட்டிலருகே அதைச் சொல்ல எனக்கு மனம் வராது. ‘தொடாமுறை’ என்றாலும் எதையுமே தொடக்கூடாது என்ற பொருள் வரும். கையுறையோடு தொடுகிறோம், எதைத் தொடுகிறோம் என்பதே கேள்வி. நான் கிருமிபடா முறை என்று எழுதிப் பார்த்தேன். ‘படுதல்’ தட்டிலிருந்தும் கையிலிருந்தும் பேச்சுக்காற்றிலிருந்தும் வருவதைச் சேர்த்துப் பிடிக்கிறது.

மருந்தாக்கத் தம்பி

என் ஏணியை விட்டுவிடுகிறேன். ஆனால் புரைத்தடுப்பு எனக்கு ஒட்டவில்லை. ஊசி போடுமுன் தோலைத் துடைக்கிறோம், அங்கே புண்ணும் இல்லை, புரையும் இல்லை. ‘தோல் தொற்றுநீக்கம்’ என்றால் என்ன?

போதனாசிரியர்

வாய்க்குள்ளும் காயத்துக்குள்ளும் அதையே எப்படிச் சொல்வாய்? ‘தொற்றுநீக்கம்’ என்ற சொல் தோலுக்கும் வந்தால், தரை கழுவும் போத்தலைக் காயத்துக்கு எடுக்கும் பிள்ளை வருவாள். நான் புரைத்தடுப்பில்தான் நிற்கிறேன். மற்றவர்களும் எழுதுங்கள்.

வெள்ளவத்தை

அது திறந்தே இருக்கட்டும். இடையில் ஒன்று எனக்குப் பிடிபட்டது. ‘கிருமியழித்த போசெப்ஸ்’ என்று எழுதினால், அது தட்டில் பட்ட பிறகும் கிருமியழித்ததுதான், நடந்தது நடந்தது. ‘கிருமியற்ற போசெப்ஸ்’ என்றால் இந்த நொடியின் நிலை. ஆகவே வினைக்குக் கிருமியழிப்பு, நிலைக்குக் கிருமியற்ற என்று பிரித்துக் குறிப்பை மாற்றிவிட்டேன்:

“ரொலியைத் தொற்றுநீக்கிக் காயவிடுக. பொதியின் உட்புறத்தில் மட்டும் கருவிகளை வைக்க. தட்டில் பட்ட கருவி இனிக் கிருமியற்றதல்ல. ஒதுக்கிவிட்டு வேறு பொதி எடுக்க.”

பழைய குறிப்பில் மூன்றாம் வரியாக இருந்த, கையைப் பற்றி எழுத வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது, புரைத்தடுப்பா வேறா என்று அதற்கு முன் எழுதுங்கள்.