"மாலை வாங்கிவரச் சொன்னேனே?": சிரிப்புத் துணுக்கால் சொல் கற்பித்த அனுபவங்கள்

மாலை வகுப்பு ஆசிரியை

வேறு தாய்மொழி கொண்ட பெரியவர்கள் ஒன்பது பேருக்குத் தமிழ் கற்பிக்கிறேன். மூன்றாம் மாதத்தில் ஒருநாள் இந்தத் துணுக்கைக் கரும்பலகையில் எழுதினேன்.

— மாலை வாங்கிவரச் சொன்னேனே, ஏன் இன்னும் போகவில்லை?
— இப்போது காலைதானே ஆகிறது? மாலை ஆனதும் போகிறேன்.

இரண்டு பேர்தான் சிரித்தார்கள். மற்ற ஏழு பேரும் பொறுப்பாகக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். அவர்களுக்கு மாலை என்றால் சாயங்காலம் மட்டும்தான். கழுத்தில் போடும் மாலையை அந்தத் துணுக்கில்தான் முதன்முதலாகப் பார்க்கிறார்கள். புதுப் பொருளையும் அதில் உள்ள குறும்பையும் ஒரே நேரத்தில் பிடிக்கச் சொன்னது என் தவறு.

அடுத்த குழுவுக்கு முறையை மாற்றினேன். இரண்டு வகுப்பு முன்னதாகவே பூ, நார், கட்டு, தொடு என்ற சொற்களோடு சேர்த்து மாலையைச் சொல்லிக்கொடுத்தேன். சாயங்காலத்தைப் பற்றி அன்று பேசவே இல்லை. பிறகு துணுக்கைக் காட்டியபோது யாரும் அகராதியைத் தேடவில்லை.

ஆனால் ஒரு மாணவர் அதைத் தம் குறிப்பேட்டில் எழுதும்போது, "மாலையை வாங்கிவரச் சொன்னேனே" என்று எழுதிவிட்டார். இலக்கணப்படி பிழையே இல்லை. ஆனால் சிரிப்பு போய்விட்டது. ஏன் என்று அவர் கேட்டபோது என்னால் தெளிவாகச் சொல்ல முடியவில்லை. இப்படி நேர்ந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

பழைய இலக்கண வாத்தியார்

அம்மா, அந்த மாணவர் உங்களுக்கு அருமையான பாடம் ஒன்றை எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

உயிரற்ற பொருள் செயப்படுபொருளாக வரும்போது 'ஐ' இல்லாமலும் நிற்கும்: மாலை வாங்கினேன், கதவு திறந்தேன். காலத்தைக் குறிக்கும் சொல்லும் 'இல்' இல்லாமல் நிற்கும்: மாலை வருகிறேன், காலை போனான். இரண்டு மாலைகளும் உருபைக் கழற்றி வைத்துவிட்டு ஒரே இடத்தில் வந்து நிற்பதால்தான் உங்கள் துணுக்கு பிழைக்கிறது. 'ஐ' சேர்த்த உடனே அது பூமாலை மட்டும்தான். சாயங்காலத்தை யாரும் வாங்கிவர முடியாதே!

'இல்' சேர்த்தால் மறுபடியும் இரண்டு பொருளும் வந்துவிடும். "மாலையில் என்ன பூ பூக்கும்?", "மாலையில் என்ன பூ இருக்கிறது?" இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்டுப் பாருங்கள். வினைச்சொல்தான் பொருளைப் பிரித்துக் காட்டும்.

நான் செய்தது இதுதான். ஒரே துணுக்கை உருபு இல்லாமலும், 'ஐ' சேர்த்தும், 'இல்' சேர்த்தும் மூன்று விதமாக எழுதி, எதில் சிரிப்பு உயிரோடு இருக்கிறது என்று கேட்பேன். வேற்றுமை உருபைச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல வழி எனக்குக் கிடைத்ததில்லை.

புதியவர்களுக்கு 'நூல்' என்ற சொல்லில் தொடங்குங்கள். புத்தகமானாலும் இழையானாலும் நூலை, நூலால், நூலில் என்று ஒரே மாதிரிதான் உருபேற்கும். அதனால் எந்த உருபிலும் துணுக்கு கெடாது.

— அந்த நூல் எப்படி?
— நன்றாக இருக்கிறது. இழுத்துப் பார்த்தேன், அறுந்துபோகவில்லை.

'ஆறு' அப்படி இல்லை. நதி 'ஆற்றில்' ஆகிவிடும், எண் 'ஆறில்' என்றே நிற்கும். அதை இரண்டாம் மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சிலேடைப் பிரியன்

இதற்கு எதற்குப் புதுத் துணுக்கு? காளமேகப் புலவர் இருக்கிறாரே! பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவில் பாடியவர். அதைக் கொடுத்தால் இரட்டைப் பொருள் தானாகவே பிடிபடும். ஒலி ஒன்றாக இருந்தால் போதும், சிலேடை தயார். நானே ஒன்று சொல்கிறேன்.

— தண்ணீர் கொதிக்கிறது. ஆறும்வரை பொறு.
— இப்போது ஐந்து மணிதானே? இன்னும் ஒரு மணி நேரமா?

பழைய இலக்கண வாத்தியார்

காளமேகம் எனக்கும் உயிர்தான். ஆனால் அந்த வெண்பாவில் அடிக்கு அடி இரண்டு பொருள் ஓடுகிறது. மூன்று மாதம் படித்தவருக்கு முதல் அடியிலேயே மூச்சு வாங்கும். ஒரு துணுக்கில் ஒரே ஒரு சொல்தான் இரட்டையாக இருக்க வேண்டும், மற்றவை எல்லாம் பழகிய சொற்களாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

உங்கள் துணுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒலி ஒன்று என்பது சரியில்லை. சூடு தணிவது 'ஆறும்வரை', மணி என்றால் 'ஆறுவரை'. நடுவில் ஒரு 'ம்' இருக்கிறது. கேட்டவன் அதைத் தவறவிட்டதால்தான் சிரிப்பு வருகிறது.

சிலேடைப் பிரியன்

அப்படியானால் அது இன்னும் நல்லதல்லவா? அந்த 'ம்'-ஐக் கண்டுபிடிப்பவர் பெயரெச்சத்தைப் புரிந்துகொண்டார் என்றுதானே பொருள்? காளமேகத்தையும் நான் விடுவதாக இல்லை.

ஆங்கிலம் படிப்பவன்

எனக்கு ஆங்கிலம் இரண்டாம் மொழி. பட்டியல் போட்டுச் சொல் மனப்பாடம் செய்வது பற்றித்தான் பேசுகிறீர்கள் என்று நினைத்து உள்ளே வந்தேன். இருந்தாலும் என் அனுபவத்தையும் சொல்கிறேன். 'ஃப்ளவர்' என்றால் பூ, மாவுக்கும் கிட்டத்தட்ட அதே உச்சரிப்புதான். எழுத்து மட்டும் வேறு. இதை வைத்து எழுதிய துணுக்கைப் புத்தகத்தில் நாலு முறை படித்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஒருவர் வாய்விட்டுப் படித்த நொடியில் விளங்கிவிட்டது. அதன்பிறகு ஆங்கிலத் துணுக்கு எதையும் கண்ணால் மட்டும் படிப்பதில்லை.

தமிழ் கற்பவர்

வணக்கம். என் தாய்மொழி தமிழ் இல்லை. நான்கு ஆண்டுகளாகக் கற்கிறேன். எனக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறானது. இல்லாத இடத்திலும் இரட்டைப் பொருளைக் கண்டேன்.

வகுப்பில் நானே ஒரு துணுக்கு சொன்னேன்: "சுவரில் இருப்பதும் பல்லி, பிள்ளைகள் படிப்பதும் பல்லி." கூடப் படித்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஆசிரியர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. இரண்டையும் தனித்தனியாகச் சொல்லச் சொன்னார். பல்லிக்கு நாக்கின் நுனி மேற்பல்லின் பின்பக்கத்தைத் தொட வேண்டும், பள்ளிக்கு நாக்கு மேலே மடிய வேண்டும் என்று தம் உள்ளங்கையை வளைத்துக் காட்டினார். அன்று வரை எனக்கு அவை ஒரே சொல். கூடச் சிரித்தவர்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கிறது.

இப்போது புதிய துணுக்கு கிடைத்தால், தமிழர் ஒருவரைப் படிக்கச் சொல்லிக் கேட்டு எழுதுகிறேன். நான் எழுதியது அச்சில் உள்ளதோடு ஒத்துப்போனால்தான் அதை உண்மையான இரட்டைப் பொருள் என்று எடுத்துக்கொள்கிறேன். கிளி, கிழி இரண்டும் இன்னும் எனக்குக் குழப்பம்தான்.

மாலை வகுப்பு ஆசிரியை

ஐயா, 'நூல்' துணுக்கில் தொடங்கினேன். பிறகு 'மாலை'யை மூன்று விதமாக எழுதிக் கொடுத்தேன். ஒன்பது பேரில் ஆறு பேர் "மாலையை" என்ற வரிக்கு நேராகக் கோடு போட்டு, இதில் சிரிப்பு இல்லை என்று எழுதிவிட்டார்கள். மற்ற மூவரும் இன்னும் 'ஐ' எங்கே வரும் என்பதிலேயே நிற்கிறார்கள். துணுக்கு அவர்களுக்கு உதவியதாகச் சொல்ல மாட்டேன். வழக்கமான பயிற்சிதான் கொடுக்கிறேன்.

வாரக் கடைசியில் ஒரு மாணவி தாமாகவே எழுதி வந்தது இது.

— நான் வர இன்னும் கால் மணி நேரம் ஆகும்.
— இரண்டு காலும் வர அரை மணி நேரமா?

காலையும் கால் பங்கையும் வேறு வேறு பாடத்தில் கற்றவர் அவர். இரண்டையும் அவரே சேர்த்திருக்கிறார். கணக்கும் சரியாக வருகிறதே என்று அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டேன்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஒரு மாணவர் எழுத்தில் கொடுத்தால் உடனே கண்டுபிடித்துவிடுகிறார். நான் பேச்சுவாக்கில் அதே துணுக்கைச் சொன்னால் அவருக்கு ஒரு பொருள்தான் கேட்கிறது. மெதுவாகச் சொல்லியும் பார்த்துவிட்டேன். மெதுவாகச் சொன்னால் எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது, அவருக்கு மட்டும் தெரிவதில்லை. காதுக்குத் தனியாக என்ன பயிற்சி கொடுக்கிறீர்கள்?