ப்ரொஜெக்ஷன் மாற்றும்போது நியரஸ்டா, பைலீனியரா?

முகில்: என்னிடம் இரண்டு ராஸ்டர்கள் இருக்கின்றன. ஒன்று 10 மீட்டர் WorldCover நிலப்போர்வை, மற்றது 1 ஆர்க் செகண்ட் SRTM உயரம். இரண்டும் EPSG:4326-இல் உள்ளன. UTM-க்கு மாற்ற வேண்டும். பைலீனியர் கொடுத்தால் படம் வழுவழுப்பாகத் தெரிகிறது. இரண்டுக்கும் அதையே கொடுக்கலாமா?

தணிகை: வேண்டவே வேண்டாம். இரண்டுக்கும் நியரஸ்ட் கொடுங்கள், அது அருகிலுள்ள ஒரு பிக்சலின் எண்ணை அப்படியே எடுக்கும். பைலீனியர் சுற்றியுள்ள நான்கு பிக்சல்களைக் கலந்து, மூலத்தில் இல்லாத எண்ணை எழுதிவிடுகிறது. அளந்து வைத்த எண்ணைத் திருத்த நமக்கு என்ன உரிமை? gdalwarp தானாக எடுத்துக்கொள்வதும் `near`தான்.

கயல்: நிலப்போர்வையைப் பொறுத்தவரை தணிகை சொல்வது முழுக்கச் சரி. WorldCover-இல் 10 என்றால் மரம், 50 என்றால் கட்டடப் பகுதி. இரண்டுக்கும் நட்டநடுவில் பைலீனியர் தரும் எண் 30. அது புல்வெளியின் குறியீடு! காடும் ஊரும் சந்திக்கும் இடமெல்லாம் இல்லாத புல்வெளி முளைத்துவிடும். பயிர்நிலம் 40, நீர்நிலை 80. ஏரிக்கரையில் இவற்றின் நடுவே 60 வரும், அதாவது வெற்றுநிலம். கரையிலிருந்து வயல் பக்கம் கொஞ்சம் தள்ளினால் 50 வந்து, வயலோரத்தில் கட்டடம் எழுந்து நிற்கும்.

மாற்றிய ராஸ்டரின் தனி மதிப்புகளைப் பட்டியல் எடுத்துப் பாருங்கள். 17, 43 போன்ற எண்கள் தென்பட்டால் கலப்பு நடந்திருக்கிறது. அவற்றை மட்டும் நீக்கிவிட்டுத் தொடரலாம் என்று எண்ணாதீர்கள். பொய்யான 30-ஐ உண்மையான 30-இலிருந்து பிரிக்க வழியே இல்லை. மூலத்திலிருந்து மறுபடி மாற்றத்தான் வேண்டும்.

உயரத்தில் நான் தணிகையோடு உடன்படவில்லை. அட்சரேகை 30 பாகையில் 1 ஆர்க் செகண்ட், கிழக்கு மேற்காக ஏறத்தாழ 26.8 மீட்டர்தான். அதை 30 மீட்டர் கட்டத்தில் நியரஸ்ட் கொண்டு நிரப்பினால், எட்டு நெடுவரிசைக்கு ஒருமுறை மூலத்தின் ஒரு நெடுவரிசை விடுபட்டுப்போகும். அந்த இடத்தில் உயரம் இரண்டு படி ஒன்றாகத் தாவும். 10 சதவீதச் சீரான சரிவில், சரிவு ராஸ்டர் பெரும்பாலான இடங்களில் 9 சதவீதத்தையும் தாவல் விழும் இடத்தில் 13 சதவீதத்தையும் காட்டும். மலைநிழல் படம் போட்டால் இது வடக்கு தெற்கான கோடுகளாகக் கண்ணில் படும்.

```
gdalwarp -t_srs EPSG:32644 -tr 10 10 -r near \
  nilam.tif nilam_utm.tif
gdalwarp -t_srs EPSG:32644 -tr 30 30 -r bilinear \
  -ot Float32 -srcnodata -32768 uyaram.tif uyaram_utm.tif
```

`Float32` கொடுக்காவிட்டால் விடை அருகிலுள்ள முழு எண்ணாக மாற்றப்பட்டு, சமவெளி படிக்கட்டாகிவிடும். வெற்றிடக் குறியான -32768 கோப்பிலேயே பதிவாகாமல் இருந்து, நீங்களும் அதைச் சொல்லாமல் விட்டால் அதுவும் உயரமாகக் கருதப்பட்டுக் கலக்கும். ஓட்டைகளின் விளிம்பில் ஆயிரக்கணக்கான மீட்டர் பள்ளங்கள் தோன்றும்.

தணிகை: கோடுகள் விழுவதை ஏற்கிறேன். ஆனால் பைலீனியர் சிகரத்தைச் சீவிவிடுகிறதே? சராசரி எப்போதும் உச்ச எண்ணுக்குக் கீழேதான் நிற்கும். நியரஸ்ட் உச்சியின் எண்ணையாவது அப்படியே காக்கிறது.

கயல்: எண்ணைக் காக்கலாம், இடத்தைக் காக்காது. நியரஸ்டில் ஒரு மதிப்பு 0.7 பிக்சல் வரை நகரக்கூடும். 30 மீட்டர் பிக்சலில் அது 21 மீட்டர். 45 பாகைச் சரிவில் உயரப் பிழையும் அதே 21 மீட்டர். போதாக்குறைக்கு, விடுபடும் நெடுவரிசையிலேயே உச்சி இருந்தால் அது அடியோடு போய்விடும். சிகர உயரம்தான் தேவை என்றால் மூல ராஸ்டரிலிருந்தே படித்துக்கொள்ளுங்கள்.

பொன்னி: என்னிடம் இருப்பது நீரோட்டத் திசை ராஸ்டர், கிழக்கு 1, தென்கிழக்கு 2, தெற்கு 4 என்று 128 வரை போகிறது. உயரத்திலிருந்து கணக்கிட்டதுதானே, அப்படியானால் பைலீனியர்தானே?

கயல்: இல்லை பொன்னி, எதிலிருந்து வந்தது என்பதைப் பார்க்காதீர்கள், எண் எதைச் சொல்கிறது என்று பாருங்கள். உங்கள் 128 அளவு அல்ல, வடகிழக்கின் பெயர். நியரஸ்டும் உங்களுக்கு உதவாது. ஒரு பிக்சல் கைகாட்டும் அண்டைப் பிக்சல் மாற்றத்தில் விடுபட்டால் ஓடை அங்கேயே அறுந்துவிடும், அல்லது சுற்றிச் சுற்றி வரும். உயரத்தை முதலில் UTM-க்கு மாற்றி, பள்ளங்களை நிரப்பி, திசையைப் புதிதாகக் கணக்கிடுங்கள்.

முகில்: நிலப்போர்வையை 10 மீட்டரில் வைக்காமல் 30 மீட்டருக்கே கொண்டுபோகலாமா? உயரத்தோடு கட்டம் பொருந்துமே.

கயல்: அப்போது `near` வேண்டாம், `mode` கொடுங்கள். ஒன்பது பிக்சல்களில் நியரஸ்ட் ஒன்றை மட்டும் பார்க்கும். `mode` பெரும்பான்மையை எடுக்கும். ஒரு பிக்சல் அகல ஓடைகளும் சாலைகளும் இதில் பெரும்பாலும் மறையும், அதைத் தெரிந்தே செய்யுங்கள்.

தணிகை: இன்னும் ஒரு இடம் எனக்கு உறுத்துகிறது. SRTM-இல் ஏரிப் பரப்பைத் தட்டையாக்கி ஒரே உயரம் கொடுத்திருக்கிறார்கள். பைலீனியர் கரையோர நீர்ப் பிக்சல்களில் மலைச்சரிவைக் கலந்து ஏரியின் விளிம்பைத் தூக்கிவிடுகிறது. அங்கே நியரஸ்ட்தான் நியாயம் என்பேன்.

கயல்: அந்தக் குறை உண்மை. நீர்ப் பரப்புக்குத் தனி முகமூடி எடுத்து, மாற்றிய பின் ஏரியை மறுபடி தட்டையாக்குவது என் வழக்கம். அதற்காக முழு ராஸ்டரையும் நியரஸ்டில் மாற்ற மாட்டேன்.

தணிகை: பெரிய ஏரி ஒன்றிரண்டு என்றால் முகமூடி சரி. நூற்றுக்கணக்கான குளங்கள் இருக்கும் தட்டை நிலத்தில் சரிவும் குறைவு, கோடுகளும் மங்கல். அங்கே நான் நியரஸ்டையே எடுப்பேன்.