புது கிளையன்டிடம் முன்பணம்: கவர் லெட்டரில் எப்படிக் கேட்பது?

ஆம்பூர்ப் பெண், நார்த்தாம்ப்டன்

எல்லோருக்கும் வணக்கம். ஆம்பூரில் ஒரு டேனரியில் தர ஆய்வுப் பிரிவில் இருந்தேன். கணவருக்கு இங்கே வேலை கிடைத்ததால் டிபென்டன்ட் விசாவில் வந்திருக்கிறேன். கைப்பை தயாரிக்கும் சின்ன நிறுவனம் ஒன்று, வாணியம்பாடியிலும் மேல்விஷாரத்திலும் உள்ள மூன்று டேனரிகளைப் பார்த்து, யாரிடம் தோல் வாங்கலாம் என்று அறிக்கை தரச் சொல்கிறது. 12 மாதிரி எடுத்து, தோலில் குரோமியம்-6 என்ற நச்சு எவ்வளவு இருக்கிறது என்று இங்குள்ள லேபில் சோதனை செய்ய வேண்டும். ஊரில் மாதிரி எடுக்கப் பழைய சக ஊழியர் ஒருவர் போவார். மொத்தக் கட்டணம் 6,000 பவுண்டு. கவர் லெட்டரில் இப்படி எழுதியிருக்கிறேன்: "50 சதவீதம் முன்பணம், மீதி 50 சதவீதம் மாதிரிகள் சோதனையில் தேறியதும்." அனுப்பலாமா?

குடியாத்தத்துக்காரர், லெஸ்டர்

தாராளமா அனுப்புங்க. நம்ம பக்கம் ஜாப் ஒர்க்கில் பாதிப் பணம் வாங்காமல் யாரும் கை வைக்க மாட்டார்கள். மறக்காமல் 20 சதவீதம் வாட் சேர்த்துப் போடுங்க, இல்லையென்றால் பின்னால் நம்ம தலையில்தான் விழும்.

சத்துவாச்சாரி அண்ணன், பர்மிங்காம்

தங்கச்சி, அனுப்ப வேண்டாம், ஒரு நாள் பொறுங்கள். முதலில் வாட். 12 மாத வருமானம் 90,000 பவுண்டைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். பதிவு இல்லாதவர் வாட் போட்டு இன்வாய்ஸ் கொடுக்கவே கூடாது. லெஸ்டர் தம்பி பதிவு செய்தவராக இருப்பார், அந்தப் பழக்கத்தில் சொல்லியிருக்கிறார்.

அதைவிடப் பெரிய விஷயம் உங்கள் இரண்டாவது தவணை. "மாதிரிகள் தேறியதும்" என்று எழுதினால் உங்கள் 3,000 பவுண்டு டேனரிக்காரர் கையில் போய்விடுகிறது. தோல் தேறுவது அவர் பதனிட்ட விதத்தைப் பொறுத்தது. ஒரு கிலோ தோலுக்கு 3 மில்லிகிராம் குரோமியம்-6 என்ற வரம்பை மூன்று டேனரியும் தாண்டினாலும் உங்கள் வேலை முழுசாக முடிந்ததுதான். சொல்லப்போனால் அப்போதுதான் கிளையன்டுக்கு உங்களால் அதிக லாபம். இன்னொன்றும் இருக்கிறது. தேறினால்தான் பணம் என்று நீங்களே எழுதிக் கொடுத்தால், "எல்லாம் தேறிவிட்டது" என்று நீங்கள் சொல்லும்போது கிளையன்ட் எப்படி நம்புவார்? ஆய்வு செய்பவரின் கூலி முடிவோடு கட்டப்பட்டிருக்கக் கூடாது.

ஆகவே ஒவ்வொரு தவணைக்கான மைல்ஸ்டோனும் நீங்கள் கையில் கொடுக்கும் ஒரு பொருளாக இருக்கட்டும். லேப் முடிவு அட்டவணையை அனுப்பிய நாள், வரைவு அறிக்கையை அனுப்பிய நாள் என்று தேதி காட்டக்கூடியதாக இருந்தால் வாக்குவாதத்துக்கு இடமில்லை.

ஆம்பூர்ப் பெண்

ஐயோ, இந்தக் கோணத்தில் யோசிக்கவே இல்லை அண்ணா. அப்போ 50 சதவீதம் கேட்கலாமா?

மேல்விஷாரம் பாய், துபாய்

ஸலாம் சகோதரி. முன்பணம் கேட்டால் பேங்க் கேரண்டி கேட்பார்கள், கையில் பணத்தோடு தயாராக இருங்கள். எங்கள் கழிவுநீர் ஆலை ஒப்பந்தத்தில் 10 சதவீத அட்வான்ஸுக்கே கேரண்டி கொடுத்தோம். அப்புறம் ஒவ்வொரு பில்லிலும் அதைக் கழித்துக்கொண்டே வந்தார்கள். அப்படிக் கழிப்பதா இல்லையா என்பதையும் கடிதத்தில் சொல்லிவிடுங்கள். பக்ரீத்தை ஒட்டி நம்ம டேனரிகள் சில நாள் மூடியிருக்கும், மாதிரி எடுக்கும் தேதியை அதற்கு ஏற்ப வையுங்கள்.

சத்துவாச்சாரி அண்ணன், பர்மிங்காம்

பாய் சொல்வது கட்டுமான ஒப்பந்த வழக்கம், அங்கே சரி. 6,000 பவுண்டு ஆலோசனை வேலைக்குப் பெரும்பாலும் யாரும் கேரண்டி வரை போக மாட்டார்கள். ஆனால் கழிப்பது பற்றி அவர் சொன்னது முக்கியம். உங்கள் முன்பணம் பின்னால் கழிக்கப்படும் கடன் இல்லை, அதுவே முதல் தவணை என்று ஒரு வரி எழுதுங்கள்.

தொகைக்கு வருவோம். வழக்கம் என்பதற்காக 50 கேட்காதீர்கள். இரண்டாவது தவணை வரும்வரை உங்கள் பையிலிருந்து என்னென்ன போகும் என்று எழுதிப் பாருங்கள். லேபுக்கு எவ்வளவு கேட்டார்கள்?

ஆம்பூர்ப் பெண்

லேப் 900. ஊர் நண்பருக்கு 500. கூரியர் 150 ஆகும்.

சத்துவாச்சாரி அண்ணன், பர்மிங்காம்

ஆக 1,550. அப்படியானால் 30 சதவீதம், 1,800 கேளுங்கள். செலவும் தாங்கும், உங்களைத் தெரியாத ஒருவர் துணிந்து கொடுக்கக்கூடிய தொகையும்கூட. லேப் முடிவு கொடுத்ததும் 1,800, வரைவு அறிக்கைக்கு 1,800, இறுதி அறிக்கைக்கு 600. கடைசித் தவணை சின்னதாக இருப்பது உங்களுக்குத்தான் நல்லது, இழுத்தடிப்பது அங்கேதான் நடக்கும்.

கடிதத்தில் இந்தப் பேச்சு வேலை விவரமும் கால அட்டவணையும் முடிந்த பிறகு வரட்டும். நாலைந்து வரி போதும், தவணைப் பட்டியலை இணைப்பில் வையுங்கள். சாரம் இப்படி இருக்கலாம், ஆங்கிலத்தில் உங்கள் நடையில் எழுதிக்கொள்ளுங்கள்:

"மாதிரி சேகரிப்பு, கூரியர், 12 மாதிரிகளின் லேப் கட்டணம் ஆகியவை முதல் மூன்று வாரத்திலேயே செலுத்த வேண்டியவை. அதனால் கட்டணத்தில் 30 சதவீதத்தை, 1,800 பவுண்டை, ஒப்பந்தம் கையெழுத்தானதும் முதல் தவணையாகக் கோருகிறேன். தொகை கிடைத்த நாளிலிருந்து கால அட்டவணை தொடங்கும். மாதிரி எடுக்கும் முன் பணியை நிறுத்த நேர்ந்தால், செலவாகாத பகுதியைத் திருப்பித் தருவேன். வரைவு அறிக்கை அனுப்பிய 10 வேலை நாட்களுக்குள் கருத்து வராவிட்டால் அது ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படும்."

இதில் 'தொகை கிடைத்த நாளிலிருந்து' என்பதை விட்டுவிடாதீர்கள். புது ஆளை அக்கவுன்ட்ஸ் பிரிவில் பதிவு செய்யவே சில நிறுவனங்களில் வாரக்கணக்கில் ஆகும். கையெழுத்து நாளிலிருந்து எண்ணினால் அந்தத் தாமதமும் உங்கள் கணக்கில் ஏறும். பர்ச்சேஸ் ஆர்டர் எண் வேண்டுமா, இன்வாய்ஸை யாருக்கு அனுப்புவது என்று கையெழுத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

குடியாத்தத்துக்காரர், லெஸ்டர்

வாட் விஷயத்தில் அண்ணன் சொன்னது சரி, நான் பதிவு செய்தவன்தான். பணம் தாமதமானால் சட்டப்படி பேங்க் ஆஃப் இங்கிலாந்து வட்டியோடு 8 சதவீதம் சேர்த்துக் கேட்கலாம். 1998 சட்டம். அதையும் கடிதத்தில் போட்டுவிடலாமே?

சத்துவாச்சாரி அண்ணன், பர்மிங்காம்

உரிமை இருக்கிறது. ஆனால் முதல் கடிதத்தில் வட்டிப் பேச்சு எதற்கு? இன்வாய்ஸின் அடியில் சின்னதாகப் போட்டால் போதும்.

வாலாஜாப்பேட்டை அக்கா, ரீடிங்

டிபென்டன்ட் விசாவில் சுயதொழில் செய்யலாம், தங்கச்சி. ஸ்கில்ட் ஒர்க்கர் விசாவில் இருப்பவரின் துணைக்கு அதில் தடை இல்லை. ஆனால் இதைப் படிக்கும் மற்றவர்கள், நீங்களே ஸ்கில்ட் ஒர்க்கர் என்றால் இப்படி வேலை எடுக்காதீர்கள், முதலில் விதியைப் பாருங்கள்.

எனக்கு ஒரு கேள்வி. எங்கள் வழக்கமே 30 நாள் கழித்துத்தான் பணம், முன்பணம் கிடையாது என்று கிளையன்ட் சொன்னால்?

சத்துவாச்சாரி அண்ணன், பர்மிங்காம்

அப்படிச் சொன்னால் லேப் பில்லை நேராகக் கிளையன்ட் பேரில் போடச் சொல்லுங்கள். உங்கள் செலவு 650 ஆகக் குறைந்துவிடும். அதற்குப் பிறகு முன்பணம் இல்லாமலும் தொடங்கலாம்.

குடியாத்தத்துக்காரர், லெஸ்டர்

நான் தொடங்க மாட்டேன். லேப் செலவுக்குக்கூடக் கை நீட்டாதவர் அறிக்கைக்கு எங்கே கொடுப்பார்?

ஆம்பூர்ப் பெண்

30 சதவீதம் என்று மாற்றி, "தேறியதும்" என்பதை அடித்துவிட்டேன். திங்கள்கிழமை அனுப்புகிறேன். முன்பணம் மறுத்தால் லேப் பில் வழியைக் கேட்டுப் பார்க்கிறேன். அப்புறம் பாய், பக்ரீத்துக்கு எத்தனை நாள் முன்பே ஆட்கள் ஊருக்குக் கிளம்புவார்கள்? நண்பரை எந்த வாரம் அனுப்புவது என்று முடிவு பண்ண வேண்டும்.